ஞாயிறு விருந்தும் கலோரிக் கணக்கும்: என் அனுபவம்

கடலூரில் எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் துறைமுகத்து வஞ்சிரம், குழம்பு, வறுவல் எல்லாம் உண்டு, சனிக்கிழமை இரவும் பெரும்பாலும் புதுச்சேரியில் யாராவது உறவினர் வீட்டுச் சாப்பாடுதான். எடை குறைக்க எனக்கு வைத்த தினம் 1800 கலோரி என்ற அளவு வாரநாட்களில் எளிதாக நின்றது, சனி ஞாயிறில் உடைந்தது.

அதனால் வாரக் கணக்கைப் பிடித்தேன். 1800 வீதம் ஏழு நாளுக்கு 12,600. திங்கள் முதல் வெள்ளி வரை 1600 சாப்பிட்டால் 8000, மீதி 4600, அதாவது சனிக்கும் ஞாயிறுக்கும் தலா 2300. குறைத்த 200 கலோரியை மாலை பஜ்ஜியிலும் இரவுச் சோற்றிலும் எடுத்தேன், முட்டை, மீன், பருப்பில் கை வைக்கவில்லை.

திங்கள் காலை எடை ஒரு கிலோ வரை ஏறியிருக்கும். அது கொழுப்பு இல்லை. கூடுதல் சோறு தசையில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமுடனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்கிறது, குழம்பின் உப்பும் நீரைப் பிடிக்கும். புதன், வியாழனுக்குள் இறங்கிவிடும். அதனால் தினமும் எடை பார்த்து வாரச் சராசரிகளை மட்டும் ஒப்பிடுகிறேன்.

சரி, இது சம அளவை விட மேலா? வார மொத்தம் ஒன்றாக இருந்தால் கொழுப்பு குறைவது ஏறக்குறைய ஒன்றுதான், வளர்சிதை மாற்றம் இதனால் வேகமெடுக்காது. எது உங்களுக்கு உடையாமல் நிற்கிறதோ அதுவே மேல். வியாழனுக்குள் கடும்பசி எடுத்தால் 1600 உங்களுக்குக் குறைவு, 1700 ஆக்கி வார இறுதியை 2050க்கு இறக்குங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இப்படி ஏற்றி இறக்க வேண்டாம்.