தேயிலைச் செடியின் கவாத்தும் கொழுந்து பறிக்கும் சுற்றும்: எங்கே கணக்கு தவறுகிறது?

கோத்தகிரி, குன்னூர், குந்தா பக்கம் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகளின் தோட்டங்களில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். செடி நெஞ்சளவு உயர்ந்திருக்கும். மேலே மெல்லிய பச்சைப் போர்வை. அதற்குக் கீழே இலையில்லாத குச்சிகள். கொழுந்தைக் கிள்ளினால் மூன்றில் ஒன்றாவது வளராமல் நின்றுபோனதாக இருக்கும். உரம் போதவில்லை என்று நினைத்து மூட்டை மூட்டையாக யூரியா போடுவார்கள். பெரும்பாலும் காரணம் உரமல்ல. எப்போது பறிப்பது, எப்போது வெட்டுவது என்ற இரண்டு கணக்கும் தவறியிருக்கும்.

தேயிலையில் நாம் விற்பதும் இலை, செடி உணவு தயாரிப்பதும் இலை. கொழுந்து பறிக்கும் மட்டத்துக்கு மேலே வரும் இளங்கொழுந்து நமக்கு. மட்டத்துக்குக் கீழே முற்றி நிற்கும் இலை செடிக்கு. அந்தக் கீழ் இலைகள் தயாரிக்கும் மாவுச்சத்தில் ஒரு பகுதி வேரில் சேமிப்பாகிறது. கவாத்து செய்த நாளிலிருந்து புதுத்துளிர் விரிந்து தானே உணவு தயாரிக்கும் வரை செடி அந்தச் சேமிப்பில்தான் உயிர் வாழ்கிறது. கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் இந்தச் சேமிப்பில் கை வைப்பவைதான்.

முதலில் பறிக்கும் சுற்றை எடுத்துக்கொள்வோம். "வாரம் ஒரு தடவை", "சந்தை நாளுக்கு முன்னாடி", "ஆள் கிடைக்கும்போது" என்று சுற்றை வைப்பதுதான் மிகப் பரவலான தவறு. சுற்றைத் தீர்மானிக்க வேண்டியது ஒரு கொழுந்தில் ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடையே செல்லும் நாட்கள். இதை நீங்களே அளக்கலாம். பத்துக் கொழுந்துகளில் நூல் கட்டி, ஓர் இலை முழுதாக விரிந்த நாளையும் அடுத்த இலை விரிந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடை மழைக்குப் பிறகு வளர்ச்சி வேகமாக இருக்கும்போது இது நான்கு நாள் அளவில் இருக்கலாம். குளிர் மாதங்களில் ஏழு நாள் வரை இழுக்கும். சுற்று ஏறத்தாழ இரண்டு இலை விரியும் காலமாக இருக்கட்டும். அதாவது வேகமான பருவத்தில் எட்டு நாள், மந்தமான பருவத்தில் பதினான்கு நாள்.

ஏன் இரண்டு இலை? இலைக்கு நான்கு நாள் எடுக்கும் செடியைப் பாருங்கள். இன்று பறிக்கும்போது இரண்டு இலையும் மொட்டுமாக இருப்பதை எடுத்துவிட்டு, ஓர் இலையும் மொட்டுமாக இருப்பதையும் வெறும் மொட்டாக இருப்பதையும் விட்டுவிடுகிறோம். இவைதான் அரும்பு. எட்டு நாளில் வெறும் மொட்டு இரண்டு இலைக் கொழுந்தாகிறது, ஓரிலை அரும்பு மூன்று இலைக் கொழுந்தாகிறது. இரண்டையும் தொழிற்சாலை ஏற்கும். இதையே பதினாறு நாள் விட்டால் மொட்டு நான்கு இலையாகவும், ஓரிலை அரும்பு ஐந்து இலையாகவும் போய்விடும். எடை கூடியதுபோலத் தெரியும். ஆனால் கீழ் இரண்டு மூன்று இலைகள் நார் பிடித்திருக்கும், தண்டு வளைத்தால் ஒடியாது. விலை குறைவது ஒரு பக்கம். செடி தன் உணவை நாம் விற்க முடியாத இலையில் செலவழித்தது இன்னொரு பக்கம்.

நான்கு நாளிலேயே திரும்பப் போனால் வேறு வகைச் சேதம். எடுக்கத் தகுந்த கொழுந்து குறைவாக இருப்பதால், பையை நிரப்ப ஓரிலை அரும்பிலும் கை போகும். இன்னும் நான்கு நாள் நின்றிருந்தால் அது முழு எடைக் கொழுந்தாகியிருக்கும். இழப்பு அத்தோடு முடிவதில்லை. அரும்பைக் கிள்ளிய இடத்தில் கீழுள்ள இலைக்கணுவிலிருந்து புது மொட்டு விழித்து, பறிக்கும் அளவுக்கு வளர நீலகிரிக் குளிரில் இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். இன்று கிள்ளிய அரும்பின் பாதிப்பு ஏழெட்டுச் சுற்று தாண்டித்தான் தெரியும். அதனால்தான் அப்போது யாரும் இன்றைய பறிப்பைக் குறை சொல்வதில்லை.

பஞ்சியை விட்டுவைப்பது அடுத்த தவறு. சில இலை விட்டபின் நுனி மொட்டு சுருங்கி உறங்கிவிடும். அதைத்தான் பஞ்சி என்கிறோம். இளசாக ஓரிரண்டு இலையோடு இருந்தால் கொழுந்தோடு சேர்த்துப் பறிக்கலாம். முற்றியிருந்தால் ஒடித்துக் கீழே போட வேண்டும். எடைக்கு உதவாது என்று அப்படியே விட்டால், அது உறங்கியபடியே கீழ்க்கணு மொட்டுகளையும் விழிக்க விடாது. கூடையிலிருந்து கை நிறைய அள்ளி நூறு கொழுந்து எண்ணிப் பாருங்கள். நல்ல மழையும் உரமும் இருந்தும் பாதிக்கு மேல் பஞ்சியாக இருந்தால், ஒன்று சுற்று நீண்டிருக்கிறது, அல்லது கவாத்துக் காலம் தாண்டிவிட்டது.

எந்த இடத்தில் கிள்ளுவது என்பதிலும் கவனம் வேண்டும். கிள்ளிய இடத்துக்குக் கீழே ஒரு முழு இலையை விட்டால் செடிக்கு ஓர் இலை கூடுகிறது. அடியிலுள்ள சிறிய மீன் இலை வரை கிள்ளினால் ஒன்றும் கூடுவதில்லை. முற்றிய இலைகளும் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டில் உதிர்பவை. ஆண்டு முழுவதும் மீன் இலை வரை எடுத்தால் போர்வை மெலிந்துகொண்டே போகும். எப்போதும் முழு இலை விட்டுப் பறித்தால் மட்டம் கை எட்டாத உயரத்துக்கு ஏறிவிடும். கவாத்துக்குப் பிந்தைய முதல் ஆண்டில் தாராளமாக இலை விட்டுப் பறியுங்கள். பிறகு விளைச்சல் குறைந்த மாதங்களில் மட்டும் இலை விட்டு, மற்ற நாட்களில் மீன் இலை வரை போகலாம்.

ஆள் பற்றாக்குறையால் இப்போது கத்தரிதான் பெரும்பாலான கைகளில். கத்தரிக்கு அரும்பும் கொழுந்தும் ஒன்றே. ஆகவே கொழுந்து ஒரே சீராகக் கிளம்பும் பருவத்தில் அதைப் பயன்படுத்துங்கள், மந்தமான மாதங்களில் கைப்பறிப்புக்குத் திரும்புங்கள். கவாத்து செய்த முதல் ஆண்டில் கத்தரி வேண்டாம். ஒரே உயரத்தில் மாதக்கணக்கில் ஓட்டினால் கொழுந்து ஊசிபோல் மெலியும். அவ்வப்போது ஓர் இலை உயரத்துக்குக் கத்தரியைத் தூக்கி ஓட்டினால்தான் போர்வை தங்கும்.

இனி கவாத்து. தாழ்ந்த, வெப்பமான இடத்தில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, மேட்டில் ஐந்து அல்லது ஆறு ஆண்டுக்கு ஒரு முறை என்பது தென்னிந்தியத் தேயிலையின் நடைமுறை. கவாத்து செய்தால் மூன்று நான்கு மாதம் வருமானம் நிற்கும் என்று எட்டு, ஒன்பது ஆண்டு வரை தள்ளிப் போடுகிறார்கள். அந்த பயம் நியாயமானது. செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஆனால் ஆறாம் ஆண்டுக்குப் பிறகு குச்சிகள் மெலிந்து நெருங்கி, செடி பஞ்சியாகவே தள்ளும். உயரமான மட்டத்தில் நடுச்செடியை எட்ட முடியாமல் ஓரத்தை மட்டுமே பறிப்பார்கள். நிற்காத வருமானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

தள்ளிப் போட்டதைவிட மோசமானது, வேரில் சேமிப்பு இல்லாத நேரத்தில் வெட்டுவது. ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சியில் தவித்த செடியை, மார்ச் கடைசிவரை பறித்துவிட்டு ஏப்ரல் முதல் வாரத்தில் வெட்டினால் பல குச்சிகள் நுனியிலிருந்து காய்ந்து வரும், சில செடிகள் துளிர்க்கவே செய்யாது. கவாத்துக்கு முன் நான்கு முதல் ஆறு வாரம் பறிப்பதை நிறுத்தி ஓய்வு கொடுங்கள். பிறகு சோதித்துப் பாருங்கள். ஐந்தாறு செடிகளிலிருந்து பென்சில் தடிமன் வேர் எடுத்துக் கழுவி, குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் அயோடின் கரைசல் விடுங்கள். ஒரு நிமிடத்தில் கருநீலமாக மாறினால் வெட்டலாம். திட்டுத் திட்டாகவோ மஞ்சளாகவோ நின்றால் இன்னும் ஓய்வு தேவை. மண்ணில் ஈரம் இருக்கும் ஏப்ரல்-மே அல்லது ஆகஸ்ட்-செப்டம்பர் ஏற்ற காலம். அதற்குப் பிந்தினால் புதுத்துளிர் உறைபனியில் மாட்டும். ஏப்ரல்-மேயில் வெட்டியவர்கள் தென்மேற்குப் பருவமழையில் கொப்புள நோயை எதிர்பார்க்க வேண்டும். அது தாக்குவதே இளந்துளிரைத்தான், எனவே புதுத்துளிர்களை ஒரே மட்டத்தில் ஒடிக்கும் டிப்பிங் முடியும்வரை மருந்துத் தெளிப்பில் இடைவெளி விடக்கூடாது.

வெட்டும் உயரம் சாதாரணமாக 60 முதல் 65 செ.மீ., முந்தைய வெட்டுக்குச் சற்று மேலே. கணுமுடிச்சுகள் சேர்ந்த பழைய செடியை 45 முதல் 60 செ.மீ.க்குள் இறக்கலாம். அதற்கும் கீழே போவது செடியின் நோயுற்ற கிளைச் சட்டத்தைப் புதுப்பிக்க மட்டும். கூர்மையான கத்தியால் தண்ணீர் நிற்காதபடி சாய்வாக வெட்ட வேண்டும். பிளந்த குச்சியில் அழுகல் ஏறும். தடித்த வெட்டுகளில் காப்பர் ஆக்ஸிகுளோரைடும் ஆளிவிதை எண்ணெயும் சம எடையில் குழைத்துப் பூசலாம். கழித்த குச்சிகளை விறகுக்கு அள்ளிப் போவது பெரிய இழப்பு. அவற்றைச் செடிமேல் பரப்பினால் வெட்டிய சட்டத்தை வெயில் சுடாது, மக்கினால் சத்து மண்ணுக்கே திரும்பும்.

துளிர் வந்ததும் கை துறுதுறுக்கும். பல மாதம் காத்திருந்தவர்கள் துளிரை உடனே கிள்ளுவது இங்கேதான். 60 செ.மீ.யில் வெட்டிய செடிக்குத் தரையிலிருந்து 70 முதல் 72 செ.மீ. உயரத்தில் டிப்பிங் மட்டம் வையுங்கள். அளவுக்குச்சியை எப்போதும் தரையிலிருந்து பிடியுங்கள். சரிவில் மட்டம் சரிவுக்கு இணையாக இருக்கட்டும். ஒரு துளிர் அந்த உயரத்தைத் தொட்டதும் ஒடிக்காதீர்கள். அதைத் தாண்டி இரண்டு மூன்று இலை போனபின், மட்டத்தில் ஒடியுங்கள். அடியில் நான்கைந்து இலை நிற்கும். அடுத்த நான்கைந்து ஆண்டுக்கும் போர்வையின் அடித்தளம் அவைதான். எல்லாத் துளிரும் ஒரே நாளில் வராததால் மூன்று நான்கு தடவை போக வேண்டியிருக்கும்.

வருமானம் நிற்கும் என்ற பயத்துக்கு ஒரு வழி உண்டு. இரண்டரை ஏக்கர் தோட்டம் என்றால் அதை அரை ஏக்கர் வீதம் ஐந்து பாத்தியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்றை மட்டும் வெட்டுங்கள். எப்போதும் இரண்டு ஏக்கரில் பறிப்பு நடக்கும். எட்டு ஒன்பது ஆண்டாக எதையும் வெட்டாத தோட்டத்தில் தொடங்குபவர்கள், மிகப் பலவீனமான பாத்தியை முதலில் வெட்ட நினைப்பார்கள். என் கருத்தில் அது தவறு. அயோடின் சோதனையில் நன்றாகக் கறுத்த பாத்தியை முதலில் வெட்டுங்கள். பலவீனமானதற்கு இலை விட்டுப் பறித்து ஓராண்டு அவகாசம் கொடுங்கள். அதை வெட்டும்போதும் ஒவ்வொரு செடியிலும் இலையுள்ள ஓரிரு கிளைகளை வெட்டாமல் விட்டு, புதுத்துளிர் நன்றாக நீண்டபின் அந்தக் கிளைகளை எடுங்கள்.