ரூட் கெனாலில் ஹைப்போ: ஊசி இறுகாமல் கழுவுவது எப்படி?

ஹைப்போ என்று நாம் கூப்பிடும் சோடியம் ஹைப்போகுளோரைட், கால்வாய்க்குள் இருக்கும் கிருமிகளைக் கொல்லும். செத்துப்போன பல்கூழையும் கரைக்கும். ஃபைல் எட்டாத சந்து பொந்துகளுக்கு இந்தக் கரைக்கும் குணம்தான் வேண்டும். அதே குணம் வேர் நுனியைத் தாண்டினால் உயிருள்ள திசுவையும் அரிக்கும்.

ஒரு மேல் கோரைப்பல்லை எடுத்துக்கொள்வோம். அதன் வொர்க்கிங் லெங்க்த் 24 மி.மீ. முதலில் ரப்பர் டேம் போட்டு, ஓரத்தில் கசிவு இல்லை என்று உறுதி செய்யுங்கள். நோயாளிக்குக் கண்ணாடி போடுங்கள். ஹைப்போ சிரிஞ்சில் பெயர் எழுதி ஒட்டுங்கள். மரப்பு மருந்து என்று நினைத்து இதைக் குத்திய சம்பவங்கள் உண்டு.

அப்புறம் ஊசி. நுனி மூடியிருந்து பக்கவாட்டில் துளையுள்ள 30 கேஜ் ஊசி நல்லது. திருகி மாட்டும் சிரிஞ்ச் என்றால் அழுத்தும்போது ஊசி கழன்று தெறிக்காது. ரப்பர் ஸ்டாப்பரை 22 மி.மீ.-ல் வையுங்கள், அதாவது நுனிக்கு 2 மி.மீ. முன்னால்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கால்வாயை 30 எண், 4 சதவீத டேப்பர் ஃபைல் வரை அகலப்படுத்தியிருக்கிறீர்கள் என்றால் அந்த இடத்தில் அகலம் சுமார் 0.38 மி.மீ. 30 கேஜ் ஊசியின் தடிமன் சுமார் 0.31 மி.மீ., ஆகவே சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். 27 கேஜ் ஊசி சுமார் 0.41 மி.மீ.; அங்கே போவதற்குள் இறுகிவிடும். இறுகிய ஊசியில் அழுத்தினால் திரவம் மேலே திரும்பி வர வழியில்லை, நுனி வழியாக எலும்புப் பக்கம்தான் போகும். பெரும்பாலான விபத்துகளின் கதை இதுதான்.

ஊசி தட்டினால் அங்கேயே நிற்காமல் ஒன்றிரண்டு மி.மீ. பின்னால் இழுங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். ஊசி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கட்டும். பல்லின் வாயில் திரவம் பொங்கி, சக்ஷன் அதை உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தள்ளியும் திரவம் வரவில்லை, பிஸ்டன் கெட்டியாக இருக்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள்.

நுனி மூடாத இளம் பற்கள், வேர் துளைபட்ட பற்கள் என்றால் இன்னும் முன்னாலேயே நிற்க வேண்டும், செறிவையும் குறைக்க வேண்டும். ஸ்மியர் லேயரை ஹைப்போ எடுக்காது. அதற்குக் கடைசியில் 17 சதவீத இ.டி.டி.ஏ. வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வெளியேறிவிட்டால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. மரத்துப்போன பல்லிலேயே நோயாளி திடீரென்று துடிப்பார், கால்வாயில் ரத்தம் ஊறும், சில நிமிடங்களில் கன்னம் வீங்கும். ஹைப்போவை நிறுத்தி, சலைனால் அழுத்தமில்லாமல் கழுவுங்கள். வலிக்கு மருந்து கொடுங்கள், முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம். நடந்ததை மறைக்காமல் சொல்லி, மறுநாளே வரச் சொல்லுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.