தேக்குத் தடி வாங்கும்போது டேப் எங்கே விழுகிறது என்று பாருங்கள்

போன மாதம் கொடுங்கையூரில் எங்கள் தெருவில் மாடி எடுக்கும் அக்கா ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "தம்பி, நீ மரவாடியில் அளவு எழுதினவன்தானே, இது சரியா பார்த்துச் சொல்லு" என்றார். மூலக்கடைப் பக்கம் ஒரு மரவாடியில் ஆசாரியோடு போய் ஒரு தேக்குத் தடியைப் பார்த்து வந்திருக்கிறார். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. சீட்டில் மூன்று எண்கள்தான் இருந்தன. சுற்றளவு 54, நீளம் 10.6, ரேட் 2,500. கீழே 33,540 ரூபாய் என்று எழுதிக் கோடு போட்டிருந்தார்கள்.

பெருக்கலில் ஒரு தப்பும் இல்லை. தடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கால்குலேட்டரை எடுத்துப் பெருக்கலைத்தான் சரிபார்க்கிறார்கள். ஆனால் பணம் போவது அதற்கு முன்னால், டேப் சுற்றும் இடத்தில்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மரவாடிகளில் உருண்டைத் தடிக்கு வழக்கமாகப் போடுவது கால் சுற்றளவுக் கணக்கு. ஹாப்பஸ் அளவு என்றும் சொல்வார்கள். தடியின் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவு அங்குலத்திலும் நீளம் அடியிலும் இருந்தால் கடைசியில் 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். அதை ஒரு கன அடிக்கான ரேட்டால் பெருக்கினால் விலை.

```
(சுற்றளவு ÷ 4) × (சுற்றளவு ÷ 4) × நீளம் ÷ 144 = கன அடி
```

48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 12 × 12 × 10 ÷ 144, அதாவது சரியாக 10 கன அடி. இதில் நீளம் ஒரு தடவைதான் வருகிறது, சுற்றளவு இரண்டு தடவை வருகிறது. அதனால் சுற்றளவில் நேரும் தப்பு விலையில் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். 48 அங்குலத் தடியில் டேப் ஒரே ஓர் அங்குலம் கூடினாலும் விலை நூற்றுக்கு நான்கு ரூபாய்க்கு மேல் கூடிவிடும். டேப்பைச் சற்றுச் சாய்வாகச் சுற்றினாலோ, தளர்வாகப் பிடித்தாலோ, கீழே மண்ணும் சிராயும் சேர்ந்து மாட்டினாலோ அந்த ஓர் அங்குலம் சாதாரணமாக வந்துவிடும்.

சரி, அக்காவின் சீட்டுக்கு வருவோம். அடுத்த நாள் காலையில் நானும் கூடப் போனேன். தடியின் முனையில் மஞ்சள் சாக்பீஸால் 54 என்று பெரிதாக எழுதியிருந்தது. அது மரத்தின் அடிப்பக்கம், வேர் விரிகிற இடம். தேக்கில் அந்த இடம் பெரும்பாலும் உருண்டையாக இருக்காது. உள்ளங்கை உள்ளே போகிற அளவுக்குப் பள்ளமும், பக்கத்தில் மேடுமாக வரிவரியாக ஓடும். டேப்பைச் சுற்றும்போது அது பள்ளத்துக்குள் இறங்காது, மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவும். அந்த 54-க்குள் மரமே இல்லாத காலி இடமும் சேர்ந்திருக்கிறது.

கால் சுற்றளவுக் கணக்குக்கு எடுக்க வேண்டியது தடியின் நடுச்சுற்று. நீளத்தை அளந்து சரிபாதியில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் டேப்பை நேர்குத்தாகச் சுற்ற வேண்டும். நடுவில் கணு புடைத்திருந்தால் அதற்கு இரண்டு பக்கமும் ஒரே தூரம் தள்ளி இரண்டு அளவு எடுத்து சராசரி போடலாம். அடிமுனை, நுனிமுனை இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கிறவர்களும் உண்டு. ஒழுங்காகச் சிறுத்துப் போகும் தடியில் அதில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் அடி விரிந்த தடியில் அந்தச் சராசரி ஏறித்தான் காட்டும். நடுவில் சுற்றியபோது இந்தத் தடி 50 அங்குலம்தான் இருந்தது. இந்த நான்கு அங்குலத்தின் விலை மட்டும் 4,785 ரூபாய்.

அடுத்தது பட்டை. தேக்குப் பட்டை சாம்பல் கலந்த பழுப்பாக, நாராக இருக்கும். உரித்தால் கீழே மரம் வெளிறித் தெரியும். பட்டையின் தடிமன் அரை அங்குலம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அரை அங்குலம் சுற்றிலும் இருக்கிறது என்பதுதான் விஷயம். தடிமனை 6.28-ஆல் பெருக்கினால் சுற்றளவில் எவ்வளவு குறையும் என்று தெரிந்துவிடும். அரை அங்குலப் பட்டைக்கு 3 அங்குலத்துக்குச் சற்று மேல். 50 என்பது 47 ஆகிவிடும். விலையில் அது இன்னும் 3,347 ரூபாய். பட்டையோடு அளந்து ரேட்டைக் குறைத்துச் சொல்கிற இடங்களும் உண்டு, அதில் தப்பில்லை. எந்த அளவுக்கு எந்த ரேட் என்பதை முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். பட்டை உரித்த மரத்தின் ரேட்டைக் கேட்டுவிட்டுப் பட்டையோடு அளந்து வாங்குவதில்தான் ஏமாற்றம் வருகிறது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் தடிகளுக்குச் சுற்றளவிலும் நீளத்திலும் கொஞ்சம் கழித்து எழுதும் வழக்கம் உண்டு. அங்கே, கழித்த அளவா கழிக்காத அளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அந்த 10.6. இது தடியில் பத்து அடி ஆறு அங்குலம். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் கால்குலேட்டரில் 10.5 என்று போட வேண்டும். இவர்கள் புள்ளி வைத்து எழுதியதை அப்படியே தட்டியிருக்கிறார்கள். இந்தத் தடியில் இதனால் 240 ரூபாய்தான் போனது. ஆனால் லோடாக வாங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு தடியிலும் போகும். 9 அங்குலம் என்றால் .75, 3 அங்குலம் என்றால் .25 என்று மாற்றி எழுதிக்கொண்டால் போதும்.

மூன்றையும் திருத்தினால் 11.75 × 11.75 × 10.5 ÷ 144. வருவது 10.07 கன அடி. அதே 2,500 ரூபாய் ரேட்டில் சுமார் 25,170 ரூபாய். முதல் சீட்டில் இருந்தது 13.42 கன அடி.

இதை அங்கேயே எழுதிக் காட்டியபோது, பக்கத்தில் நின்ற ஒரு வாடிக்கையாளர், "அண்ணா, வேறு ஒரு இடத்தில் 2,100-க்கே தருகிறார்களே" என்றார். எந்தக் கணக்கில் கன அடி போடுகிறார்கள் என்று கேட்டேன். வட்டக் கணக்கு என்றார். பலர் தடுமாறுகிற இடம் இது. பள்ளிக்கூடத்தில் படித்த உருளைக் கணக்கில், அதாவது பை போட்டுப் பார்த்தால், இதே 47 அங்குலத் தடி 12.82 கன அடி காட்டும். கால் சுற்றளவுக் கணக்கு அதில் நூற்றுக்கு எழுபத்தெட்டரை பங்கைத்தான் காட்டுகிறது. மீதி, அறுக்கும்போது போகும் சேதாரத்துக்காக விட்டது என்று சொல்வார்கள். 12.82-ஐ 2,100-ஆல் பெருக்கினால் 26,900 ரூபாய்க்கு மேல் வருகிறது. ரேட் 400 ரூபாய் குறைந்தும் தடியின் விலை கூடிவிட்டது. கால் சுற்றளவில் 2,500 என்பதற்கு வட்டக் கணக்கில் சமமான ரேட் 1,963 ரூபாய்தான். கால் சுற்றளவு ரேட்டை 0.785-ஆல் பெருக்கினால் வட்டக் கணக்கு ரேட் வந்துவிடும். இந்த ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் இரண்டு கடைகளின் ரேட்டை ஒப்பிடலாம்.

கடைசியாக ஒரு தப்பு, இது நல்ல அனுபவமுள்ள ஆசாரிகள்கூடச் செய்வது. பத்து கன அடி தடி வாங்கினால் பத்து கன அடி சட்டம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, அறுத்த சைஸ் மர ரேட்டோடு தடி ரேட்டை நேராக ஒப்பிடுவார்கள். "தடி 2,500, அறுத்தது 4,000, தடிதான் லாபம்" என்பார்கள்.

இதே தடியை எடுத்துக்கொள்வோம். 47 அங்குலச் சுற்றளவு என்றால் குறுக்களவு ஏறக்குறைய 15 அங்குலம். கால் சுற்றளவுக் கணக்கு இதை 11¾ அங்குலப் பக்கமுள்ள சதுர மரமாக வைத்துக் கணக்குப் போடுகிறது. அந்தச் சதுரத்தின் மூலைக்கு மூலை பதினாறரை அங்குலம், 15 அங்குல வட்டத்துக்குள் அடங்காது. அந்த வட்டத்துக்குள் நிற்கும் பெரிய சதுரம் பத்தரை அங்குலம் சொச்சம்தான். அதன்படி பார்த்தால் 8.2 கன அடி. பட்டைக்கு அடியில் இருக்கும் வெளிறிய மரத்தை வெள்ளை என்பார்கள், அது சுற்றிலும் ஓர் அங்குலம் இருந்தால், உள்ளே இருக்கும் கெட்டியான வைரத்தில் மட்டும் எடுக்கக்கூடிய சதுரம் 6.1 கன அடிக்கு இறங்கிவிடும். இதுவும் நடு அளவை வைத்துச் சொன்னது. நீளம் முழுக்கச் சட்டம் வேண்டுமென்றால் நுனிமுனையின் அளவுதான் தீர்மானிக்கும், அது இன்னும் சிறியது. பக்கவாட்டில் விழும் பலகைகள் கொஞ்சம் ஈடுகட்டும், ரம்பம் தின்னும் தூள் அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே நல்ல மரமாக 6 கன அடி தேறியது என்று வைத்தால், 25,170-ஐ ஆறால் வகுக்க வேண்டும். ஒரு கன அடி 4,195 ரூபாய். மில் கூலி, குட்டியானை வாடகை தனி. இந்த ரேட்டுகள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை, மரத்தின் ஊரையும் பருமனையும் பொறுத்து மாறும். பருத்த தடிக்கு ரேட்டும் கூடும். ஆனால் வகுத்துப் பார்க்கும் முறை மாறாது. வெள்ளை எவ்வளவு என்று தெரிய, முனையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தாலே போதும். வெளி வளையம் வெளிறியும் உள்வட்டம் பொன்பழுப்பாகவும் பிரிந்து தெரியும். ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம்.

அக்காவுக்கு வேண்டியிருந்தது இரண்டு வாசல் நிலை. ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம். ஒரு நிலைக்கு நாலு பக்கமும் சேர்த்து 21 அடி, 5 × 3 × 21 ÷ 144 போட்டால் 2.19 கன அடி. இரண்டுக்கும் நாலரைக்குள் அடங்கும். அறுத்த சைஸை 4,000 ரேட்டில் வாங்கினால் பதினெட்டாயிரத்துக்குள் முடிகிற வேலை. மரவாடிக்காரர் கோபப்படவில்லை. கைக்கோடாரியால் நடுக்கோட்டில் நாலு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் செதுக்கச் சொல்லி அவரே டேப் போட்டார், 47 நின்றது. சீட்டைத் திருத்தியும் கொடுத்தார். அக்கா சீட்டைப் பார்த்தார், ஆசாரியைப் பார்த்தார். பிறகு அறுத்து அடுக்கி வைத்திருந்த சட்டங்கள் பக்கம் போய், வெள்ளை இல்லாததாக ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.