கொட்டேஷனில் வேலிடிட்டியும் தவணையும்: ஷெட் வேலைக்கு நான் எழுதும் வரிகள்

நீடாமங்கலம் பக்கம் இரும்பு ஷெட் போடும் பட்டறை வைத்திருக்கிறேன். நெல் குடோன், மாட்டுக் கொட்டகை, ரைஸ் மில்லுக்குக் கூரை இவைதான் பெரும்பாலான வேலை. விலைக் கணக்குப் போட எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. விலைக்குக் கீழே வரும் இரண்டு பத்தியைப் பற்றித்தான் இந்தப் பதிவு: விலை எதுவரை செல்லும், பணம் எப்போது வர வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு வரை என் லெட்டர்பேடில் இரண்டே வரிதான் இருந்தது. ‘வேலிடிட்டி 30 நாட்கள். முன்பணம் 50 சதவீதம், பாக்கி வேலை முடிந்ததும்.’ மன்னார்குடி அருகே ஒரு நெல் வியாபாரிக்கு இப்படித்தான் கொடுத்தேன். ஏப்ரல் 4-ஆம் தேதி முதல் கொட்டேஷன். கூரை ஷீட்டைக் கொஞ்சம் கனமாகப் போடச் சொன்னார். 20-ஆம் தேதி திருத்திக் கொடுத்தேன். மே 16-ஆம் தேதி போன் செய்து, “சரி, போட்டுடுங்க” என்று சொல்லி ஐம்பதாயிரம் அனுப்பினார். அதற்குள் இரும்பு விலை ஏறிவிட்டது. நான் 30 நாளை ஏப்ரல் 4-லிருந்து எண்ணினேன், அவர் 20-லிருந்து எண்ணினார். காகிதத்தில் எதிலிருந்து என்று எழுதவில்லை. பழைய விலைக்கே செய்து கொடுத்தேன்.

ஷெட் செப்டம்பரிலேயே எழுந்து நின்றுவிட்டது. தரைக்கு கான்கிரீட் போடுவது அவர் பொறுப்பு. அதைப் போடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, களிமண் தரையில் லாரி இறங்கவில்லை. “குடோன் இன்னும் முடியலையே தம்பி” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. என் வேலை முடிந்திருந்தது, குடோன் முடியவில்லை. பாக்கி 1,10,000 ரூபாய் பொங்கல் கழிந்துதான் வந்தது.

இனி எழுதும் முறை.

முதலில் தேதி. நாட்கணக்கு வேண்டாம், முடியும் தேதியையே எழுதுங்கள். எக்செல்லில் கொட்டேஷன் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேதிக் கட்டத்தில் `=TODAY()` போட்டிருந்தால், ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் கொட்டேஷன் தேதி மாறும், அதோடு வேலிடிட்டியும் நகரும். பழைய கொட்டேஷனை மறுபடி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் விலை உயிரோடு இருப்பதாக ஆகிவிடும். `Ctrl+;` அழுத்தினால் அன்றைய தேதி அப்படியே நிலையாகப் பதியும். அது B3-யில் இருந்தால், முடியும் தேதிக்கு:

```
=B3+10
```

இரும்பு வேலைக்கு நான் 10 நாளைத் தாண்டுவதில்லை. அனுப்புவது எப்போதும் பிடிஎஃப் மட்டும்தான். எக்செல் ஃபைலை பார்ட்டிக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள், எந்தப் பிரதி சரி என்ற பேச்சு அங்கேதான் கிளம்பும். திருத்தம் வந்தால் புது எண் கொடுத்து, “இது 14 எண் கொட்டேஷனை ரத்து செய்து அதற்குப் பதிலாகத் தரப்படுகிறது” என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, கெடு குறித்துக் கொடுத்த முன்மொழிவு அந்தக் கெடு தாண்டியதும் தானாகவே செத்துவிடும். கெடு குறிக்காவிட்டால் ‘நியாயமான காலம்’ வரை நிற்கும். எது நியாயமான காலம் என்பதில்தான் சண்டை வரும். இன்னொன்று, பார்ட்டி தபாலில் அனுப்பும் சம்மதம், அவர் அதைத் தபால் பெட்டியில் போட்ட நேரத்திலேயே நம்மைக் கட்டிவிடும். கடைசி நாளில் போட்டு நாலு நாள் கழித்து வந்தாலும் செல்லும். அதனால் ‘வந்து சேர வேண்டும்’ என்ற சொல் முக்கியம். என் வரி இது:

> இந்த விலை 24-05 மாலை 6 மணி வரை செல்லும். கையெழுத்திட்ட பிரதி அதற்குள் எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். பிறகு வரும் சம்மதமோ பணமோ இந்த விலைக்கு எங்களைக் கட்டுப்படுத்தாது. புதிய கொட்டேஷன் தரப்படும்.

அடுத்து, எது சம்மதம். எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆன இடம் இதுதான். ‘கையெழுத்தும் முன்பணமும் இரண்டும் வந்தால்தான் ஆர்டர் உறுதி’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். பாதுகாப்பாகத்தான் தெரிந்தது. ஒரு பார்ட்டி கையெழுத்துப் போட்டுவிட்டு முன்பணம் தராமல் மூன்று வாரம் இழுத்தபோதுதான் ஓட்டை தெரிந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒப்பந்தம் என்றால், பணம் வராதவரை ஒப்பந்தமே இல்லை. ஒப்பந்தம் இல்லாமல் எந்த உரிமையில் முன்பணத்தைக் கேட்பது?

அதனால் இரண்டையும் பிரித்துவிட்டேன். கையெழுத்து வந்ததும் ஒப்பந்தம் உண்டாகிவிடுகிறது. முன்பணம் அந்த ஒப்பந்தத்தின் முதல் கடமை. வராவிட்டால் விலகும் உரிமையை என் கையில் வைத்துக்கொள்கிறேன்.

> கீழே கையெழுத்திட்ட பிரதி எங்கள் கைக்கு வந்ததும் இது ஒப்பந்தமாகும். முதல் தவணை முழுவதும் கையெழுத்திட்ட நாளிலிருந்து 3 நாளில் தரப்பட வேண்டும். தராவிட்டால் எழுத்து மூலம் தெரிவித்து நாங்கள் ரத்து செய்யலாம். முதல் தவணை முழுவதும் வந்த பிறகே இரும்பு வாங்கப்படும்.

‘முழுவதும்’ என்ற சொல்லை விடாதீர்கள். அந்த ஐம்பதாயிரம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அது.

பார்ட்டி பிரதியில் பேனாவால் ‘முன்பணம் 30%’ என்று திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அது சம்மதம் ஆகாது. அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி சம்மதம் மாற்றமில்லாமல் முழுமையாக இருக்க வேண்டும். மாற்றினால் அது அவர் நமக்கு வைக்கும் புது முன்மொழிவு. ஆபத்து எங்கே என்றால், அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால், அவர் விதியை நாம் ஏற்றதாக ஆகிவிடும். அங்கேயே பேசி முடித்து, புதுப் பிரதி எடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பிறகு தவணை. போன ஜூனில் கும்பகோணம் பக்கம் போட்ட 60-க்கு 40 அடி குடோனையே எடுத்துக்கொள்வோம். மேட்டூர் திறந்து குறுவை நட்டாயிற்று, அறுப்புக்குள் வேண்டும் என்றார்கள். வரி இல்லாமல் 6,00,000 ரூபாய். அதில் தூண், ட்ரஸ், பர்லினுக்கான இரும்பு 2,30,000, ஷீட் 1,60,000. மீதிதான் கூலி, கிரேன், லாபம்.

ஒவ்வொரு பொருளையும் வாங்கும் முன்பே அதற்கான பணம் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கையெழுத்துக்கு 40 சதவீதம், 2,40,000, அது இரும்புக்குச் சரியாகும். தூணும் ட்ரஸும் பட்டறையில் தயாரானதும் 30 சதவீதம், 1,80,000, அதில் ஷீட் வாங்கலாம். தூணும் ட்ரஸும் இடத்தில் ஏறி நின்றதும் 20 சதவீதம், 1,20,000. ஒப்படைத்ததும் 10 சதவீதம், 60,000.

ஒவ்வொரு தவணையையும் எந்த நிகழ்ச்சியில் கட்டியிருக்கிறேன் என்று பாருங்கள். ‘பாதி வேலை முடிந்ததும்’ என்று எழுதினால் எது பாதி என்று தெரியாது. ட்ரஸ் நிற்பது ரோட்டில் போகிறவருக்கும் தெரியும், ஒரு போட்டோ போதும். இரண்டாவது தவணையை வேண்டுமென்றேதான் பட்டறையில் வைத்தேன். பார்ட்டி பக்கம் அஸ்திவாரம் மழையால் தள்ளிப்போனாலும் அந்தத் தவணை நிற்காது. தயாரான பொருளின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாளிலிருந்து 3 நாள் கெடு.

கடைசித் தவணையில் ‘வேலை முடிந்ததும்’ என்ற சொல்லே வராது.

> பக்கம் 1-ல் உள்ள வேலைகள் முடிந்ததாக நாங்கள் எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து 7 நாளில் கடைசித் தவணை தரப்பட வேண்டும். குறை இருந்தால் அதற்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒப்படைப்பு முடிந்ததாகக் கொள்ளப்படும். தரை, மின் இணைப்பு, வாடிக்கையாளரின் பிற வேலைகள் இதில் சேராது.

இது செல்ல வேண்டுமானால் பக்கம் 1-ல் வேலைகள் தெளிவாக இருக்க வேண்டும். மழைநீர்க் குழாய் உண்டா இல்லையா என்று எழுதாமல் விட்டால், அந்த ஒரு குழாயைக் காட்டியே 60,000 நிற்கும்.

தவணைப் பட்டியலின் கீழே இன்னொரு வரி: ‘ஒரு தவணை கெடுவுக்குள் வராவிட்டால் அடுத்த கட்ட வேலை நிறுத்தப்படும், நின்ற நாட்கள் முடிக்கும் தேதியோடு சேரும்.’ வட்டி போடுவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். நம் ஊரில் வட்டியை எழுதலாம், வாங்குவது கஷ்டம்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. தரையில் ஊன்றும் ஷெட் ஒர்க்ஸ் கான்ட்ராக்ட், அதாவது சேவை. சேவைக்கு முன்பணம் வாங்கும்போதே வரிப் பொறுப்பு வந்துவிடும். எல்லா வரியையும் கடைசி பில்லில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அதுவரை நம் கைக்காசு போகும். ஒவ்வொரு தவணைக்கு எதிரிலும் வரியோடு சேர்ந்த தொகையையே எழுதுங்கள். 18 சதவீதம் சேர்த்தால் மேலே சொன்னவை 2,83,200, 2,12,400, 1,41,600, 70,800, ஆக மொத்தம் 7,08,000. பார்ட்டி அனுப்ப வேண்டிய தொகை அவர் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

பிற்சேர்க்கை: பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். கெடு முடிந்து ஐந்து நாள் கழித்து, பார்ட்டி சொல்லாமல் கொள்ளாமல் முழு முன்பணத்தையும் கணக்கில் போட்டுவிட்டார், என்ன செய்வது என்று. பேசாமல் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அதை வைத்துக்கொண்டு இரும்பும் வாங்கிவிட்டால், பழைய விலைக்கே ஒத்துக்கொண்டீர்கள் என்று அவர் சொல்ல இடம் உண்டு. அன்றைக்கே, “தொகை வந்தது. எங்கள் 14 எண் கொட்டேஷன் 24-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிய விலை இணைத்துள்ளோம், சம்மதம் என்றால் கையெழுத்திட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் தொகையைத் திருப்பி அனுப்புகிறோம்” என்று எழுதிவிடுங்கள். விலை ஏறவில்லை என்றாலும் இதைச் செய்யுங்கள், பழைய விலையையே புதுத் தேதியோடு கொடுத்தால் போயிற்று.

இன்னொருவர், கிராமத்துப் பெரியவர்களிடம் கையெழுத்துக் கேட்டால் நம்பிக்கை இல்லையா என்று கோபப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தார். நான் இரண்டு பிரதி எடுத்துப் போய், இரண்டிலும் முதலில் நான் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறேன். “விலையை ஏத்த மாட்டேன்னு நான் எழுதிக் குடுக்கறேங்கய்யா, சம்மதம்னு நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. இதுல பணம் தர்ற தேதியும் இருக்கு, ஒரு தடவை படிச்சுப் பார்த்துடுங்க” என்பேன். தவணைப் பட்டியலை நானே வாய்விட்டுப் படித்தும் காட்டுவேன். இதுவரை யாரும் பிரதியைத் திருப்பிக் கொடுத்ததில்லை.