ஸ்கூல் ஃபேர்ல கார்டு விக்கிற பிள்ளைங்க பேச்சுல பண்ற தப்புங்க

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பொங்கல் லீவுக்கு முன்னாடி நடக்குற ஸ்கூல் ஃபேர் எதுக்காச்சும் போயிருந்தீங்கன்னா இதைப் பாத்திருப்பீங்க. பிள்ளைங்க ராத்திரியெல்லாம் உக்காந்து வரைஞ்ச கார்டு டெஸ்க் மேல அழகா அடுக்கியிருக்கும், ஆனா பெத்தவங்க எல்லாம் அதைத் தாண்டி பஜ்ஜிக் கடைக்குப் போய்க்கிட்டே இருப்பாங்க. கார்டு நல்லாதான் இருக்கும், பேச்சுதான் இடிக்கும். இத்தனைக்கும் வீட்டுல டீச்சர்ட்ட எல்லாம் சொல்லிப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்த பேச்சு, சொல்லப்போனா அந்த மனப்பாடம்தான் பிரச்சனையே.

"வணக்கம், நாங்கள் எட்டாம் வகுப்பு ஆ பிரிவு மாணவிகள், எங்கள் கைகளால் செய்த வாழ்த்து அட்டைகளை உங்கள் முன் வைத்திருக்கிறோம்"னு பேச்சுப் போட்டி மாதிரி ஆரம்பிப்பாங்க. ஒரு ஸ்டால்னா ரெண்டு டெஸ்க் சேத்துப் போட்ட அகலம், அவ்வளவுதான். நடந்து போறவங்க அதைக் கடக்க ரெண்டு மூணு செகண்ட் ஆகும், அதுல "எட்டாம் வகுப்பு" வர்றதுக்குள்ள அவங்க முதுகுதான் தெரியும். நின்னு கேக்குறவங்களுக்கு உண்டான பேச்சு வேற, நடந்து போறவங்களுக்கு வேற. நடக்குறவங்க காதுல அஞ்சாறு வார்த்தைதான் விழும், அதுக்குள்ள அவங்க காலு நிக்கணும். பேரு, கிளாஸ், டீச்சர் பேரு எல்லாம் அவங்க நின்னதுக்கப்புறம், அதுவும் அவங்களே கேட்டா சொல்லிக்கலாம்.

அடுத்த தப்பு "கார்டு வேணுமா ஆன்ட்டி?"ங்கிறது. இது ரொம்ப சாதாரணமா வாயில வர்ற கேள்வி, அதுக்கு "வேணாம்மா"ங்கிற பதிலும் அவ்வளவு சாதாரணமா வந்துரும், கேட்டவங்க முகத்தைக்கூட பாக்காம வரும். ஒரு தடவை வேணாம்னு வாயால சொன்னவங்களைத் திரும்ப நிறுத்துறது ரொம்பக் கஷ்டம். அதனால முதல் கேள்விக்கு வேணும் வேணாம்னு பதில் சொல்ல முடியாத மாதிரி பாத்துக்கணும்.

நம்ம ஊருக்குன்னே ஒரு வழி இருக்கு. ஆத்தங்குடி பூக்கல்லு டிசைன்ல ரெண்டு கார்டு, ஒண்ணு சிவப்பும் பச்சையும், இன்னொண்ணு மஞ்சளும் கறுப்பும், கைக்கு ஒண்ணா பிடிச்சுக்கிட்டு "உங்க வீட்டுத் தரை இதுவா, இதுவா?"ன்னு கேட்டுப் பாருங்க. அந்தக் கல்லே கண்ணாடி மேல கலர் சிமெண்ட்டை ஊத்திக் கையால செய்யிறதுதான், செட்டிநாட்டுல முகப்பு வச்ச வீடுகள்ல நிறைய அதான் கிடக்கு, அது இல்லாதவங்களும் யாரோ ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துல அதுமேல உக்காந்து சாப்பிட்டிருப்பாங்க. கேட்ட உடனே கண்ணு ரெண்டு கார்டுக்கும் மாறி மாறிப் போகும், அப்படிப் போனாலே நடை நின்னுரும். கண்டாங்கி சேலைக் கட்டம் போட்ட கார்டு இருந்தா அதையும் இப்படிக் கேக்கலாம், ஆனா ரெண்டே ரெண்டு கார்டுதான், ஆறு கார்டை விசிறி மாதிரி விரிச்சுக் காட்டினா எதைப் பாக்குறதுன்னு தெரியாம சிரிச்சுட்டுப் போயிருவாங்க.

கூப்பிடுறதுலயும் கொஞ்சம் கவனம். அம்பது வயசு அம்மாவை "பாட்டி"ன்னு கூப்பிட்டா சோலி முடிஞ்சது. நகரத்தார் வீட்டுப் பொம்பளைங்கன்னு தெரிஞ்சா ஆச்சின்னு கூப்பிடலாம், சின்ன வயசா இருந்தாலும் தப்பாத் தெரியாது. தெரியலைன்னா அம்மா, சார் போதும்.

இப்ப நின்னுட்டாங்க, இங்கதான் நிறைய பிள்ளைங்க "இது முழுக்க கையால செஞ்சது ஆன்ட்டி, மூணு நாள் ஆச்சு, உருளைக்கிழங்கை வெட்டி அச்சு வச்சோம், பெயிண்ட் காயவே ஒரு நாள் ஆச்சு"ன்னு செஞ்ச கதையை எடுத்து விடுவாங்க. பெத்தவங்க பாசமா தலையாட்டுவாங்க, "சூப்பர்டா கண்ணு"ம்பாங்க, போயிருவாங்க. பாராட்டு கிடைச்சுது, காசு கிடைக்கல. ஏன்னா அந்த ஃபேர்ல எல்லா ஸ்டால்லயும் எல்லாமே கையால செஞ்சதுதான், முறுக்குல இருந்து வளையல் வரைக்கும். அவங்க மனசுக்குள்ள ஓடுறது வேற, இதை வாங்கி யாருக்குக் குடுக்குறது, இப்பல்லாம் யார் கார்டு அனுப்புறா, வாட்ஸப்ல ஒரு படம் போட்டா முடிஞ்சதே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம பெயிண்ட் கதை சொன்னா எப்படி வாங்குவாங்க?

அதனால ரெண்டாவது பேச வேண்டியது ஆளைப் பத்தி. "வெளியூர்ல இருக்குற யாருக்கு அனுப்புவீங்க?"ன்னு கேளுங்க. இந்தப் பக்கம் சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ யாராச்சும் இல்லாத குடும்பம் குறைவு. ஒரு பேரு அவங்க வாயில வந்துருச்சுன்னா அந்தக் கார்டு பாதி வித்த மாதிரி, அப்ப அதை அவங்க கையில குடுத்துரணும், டெஸ்க் மேல வச்சுக் காட்டக் கூடாது. கார்டு உள்ள வெறுமையா இருக்குறது நல்லது. உள்ளயே பொங்கல் வாழ்த்துன்னு எழுதி வச்சுட்டா, பிறந்தநாளுக்கு வேணும்னு நினைக்கிறவங்க திருப்பி வச்சுருவாங்க, பொங்கல் முடிஞ்சா மிச்சமும் வீணாப் போகும்.

கையில குடுத்தாச்சுன்னா வாயை மூடணும், இது எந்தப் பிள்ளைக்கும் வராது. அவங்க கார்டைத் திருப்பிப் பாக்குற அஞ்சாறு செகண்ட் அமைதி பிள்ளைங்களுக்குத் தாங்காது, "நல்லாருக்கா ஆன்ட்டி, வேற கலரும் இருக்கு, இதைப் பாருங்க, அதைப் பாருங்க"ன்னு ஆரம்பிச்சுருவாங்க, யோசிச்சுக்கிட்டிருந்தவங்க யோசனை அறுந்து கார்டைக் கீழ வச்சுருவாங்க. அவங்களா பேசுற வரைக்கும் சும்மா நிக்கட்டும்.

விலைக்கு வருவோம். எவ்வளவுன்னு கேட்டா பிள்ளைங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க, அதுலயே இது பேரம் பேசுற சாமான்னு அவங்களுக்குப் புரிஞ்சுரும். "வெறும் 40 ரூபாதான்"னு இழுத்தாலும் அதே கதைதான். "40 ரூபா, கவரோட"ன்னு கேட்ட உடனே சொல்லிட்டு நிறுத்திக்கணும். குறைச்சுக் கேப்பாங்க, கேக்காம இருக்க மாட்டாங்க, நம்ம ஆளுங்க அப்படித்தான். ஒருத்தருக்கு 30ன்னு குறைச்சா பக்கத்துல நிக்கிறவங்க காதுல விழும், அப்புறம் அன்னைக்குப் பூரா 30தான். அதுக்குப் பதிலா ஒண்ணுன்னா 40, மூணா எடுத்தா 100ன்னு வச்சுக்கங்க.

இது கட்டுமான்னு கேப்பீங்க. 22க்கு 28 இஞ்ச் சார்ட் ஒண்ணை 7க்கு 10 துண்டா வெட்டினா 8 துண்டு வரும், மடிச்சா 7க்கு 5 கார்டு. சார்ட், கவர், பெயிண்ட் எல்லாம் சேத்து ஒரு கார்டுக்கு 10 ரூபாக்குள்ள அடக்கிறலாம், அதனால மூணு 100ன்னு குடுத்தாலும் கையைக் கடிக்காது. ஆனா இந்த மூணு கணக்கை முதல்லயே கத்தக் கூடாது, முதல் கார்டு கையில இருந்து விலையும் கேட்டதுக்கப்புறம்தான். முன்னாடியே சொன்னா பேரனை நினைக்க வேண்டியவங்க கூட்டல் கழித்தல் போட்டுக்கிட்டிருப்பாங்க.

ஒரு பிள்ளை இதையெல்லாம் சரியாப் பேசினா எப்படிப் போகும்னு பாருங்க. ஒரு ஆச்சி வேகமா வர்றாங்க, பேத்தியோட டான்ஸைப் பாத்துட்டு காருக்குப் போறாங்கன்னு வச்சுக்கங்க.

"ஆச்சி, உங்க வீட்டுத் தரை இதுவா, இதுவா?"

"இதுதான் ஆத்தா, வளவைச் சுத்தி இந்தச் செவப்புதான் கெடக்கு. நீயா வரஞ்ச?"

"நாங்க மூணு பேரும் ஆச்சி. வெளியூர்ல யாருக்கு அனுப்புவீங்க?"

"எங்க சின்னவன் பெனாங்குல இருக்கான்."

கார்டு கைக்குப் போகுது. "உள்ள வெறுமையா இருக்கு ஆச்சி, பேனா இந்தா இருக்கு." அப்புறம் பேச்சே இல்ல. ஆச்சி திருப்பிப் பாக்குறாங்க, எவ்வளவுங்கிறாங்க, 40 கவரோட. 30க்குக் குடுங்கிறாங்க. "ஒண்ணு 40 ஆச்சி, மூணு எடுத்தா 100." ஆச்சி ஒண்ணே ஒண்ணுதான் வாங்குறாங்க, அதுவும் நல்ல வியாபாரம்தான், இன்னும் ரெண்டு எடுங்கன்னு விரட்டக் கூடாது. அந்தப் பேனாவை மறக்காதீங்க, டெஸ்க்லயே நின்னு எழுத இடம் குடுத்தா, காசு குடுத்துட்டு அங்கயே எழுதுவாங்க, எழுதுறவங்களைப் பாத்து இன்னும் ரெண்டு பேரு நிப்பாங்க.

கெஞ்சுறது வேண்டவே வேண்டாம். "ப்ளீஸ் ஆன்ட்டி, காலையில இருந்து ஒண்ணுகூட விக்கல"ன்னா கேக்குறவங்களுக்கு முதல்ல தோணுறது யாருமே வாங்காத கார்டு போலன்னுதான். காசு லைப்ரரிக்குப் போகுதுன்னா அது உண்மையா இருந்தா மட்டும் ஒரு வரி சொல்லுங்க, அதையும் விலைக்கு அப்புறம். உண்மையில்லாத காரணத்தைப் பிள்ளைங்க வாயில போட்டு விடுற பெரியவங்களைத்தான் முதல்ல கண்டிக்கணும்.

மூணு பேரும் சேந்து கத்துறது இன்னொண்ணு. ஒருத்தர் டெஸ்க்குக்கு வெளிய பக்கவாட்டுல நின்னு பேசட்டும், ஒருத்தர் கார்டை எடுத்துக் குடுக்கட்டும், இன்னொருத்தர் கல்லாவுல 10, 20 ரூபா சில்லறையோட உக்காரட்டும். 500 ரூபா நோட்டை நீட்டும்போது சில்லறை இல்லைன்னா அத்தனை பேச்சும் வீண். ஜிபே இருந்தா டீச்சர் நம்பர் க்யூஆரை ஒட்டி வைங்க, ஆனா கிரவுண்டுல கூட்டம் சேந்தா நெட் சுத்திக்கிட்டே இருக்கும், அதை மட்டும் நம்பாதீங்க.

நேரமும் பாக்கணும். வந்ததும் எல்லாரும் அவங்கவங்க பிள்ளையைத் தேடுவாங்க, அடுத்து சாப்பாடு, ஒரு கையில பஜ்ஜி எண்ணெய் இன்னொரு கையில அழுகுற குழந்தைன்னு இருக்குறவங்ககிட்ட கார்டை நீட்டி என்ன ஆகப் போகுது? அவங்ககிட்ட "போகும்போது பாருங்கம்மா, வேப்பமரத்தடியில இருக்கோம்"னு மட்டும் சொல்லி விட்டுருங்க. கார்டு விக்கிறது பெரும்பாலும் வெளிய போற நேரத்துலதான், அதனால நல்ல கார்டு கொஞ்சத்தை அதுக்குன்னு எடுத்து வைங்க, நல்லாப் பேசுற பிள்ளையும் அப்பத் தொண்டை கட்டாம இருக்கணும்.

பழகுறதை உக்காத்தி வச்சு ஒப்பிக்கச் சொல்லாதீங்க. வீட்டு ஹால்ல அப்பாவோ சித்தப்பாவோ இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவத்துக்கு சாதாரணமா நடக்கட்டும், நடுவுல நிக்கிற பிள்ளை முதல் வரியைச் சொல்லட்டும். வரி முடியிறதுக்குள்ள ஆளு தாண்டிட்டாருன்னா ஒரு வார்த்தையைக் குறைச்சுட்டு திரும்ப நடக்க விடுங்க.