லாச்சியில் காசு குறைந்த கதை

வெள்ளவத்தையில் நானும் இவரும் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். மூன்று கிழமையாக இரவுக் கணக்கில் லாச்சிக் காசு குறைந்துகொண்டே வந்தது. கடன் கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம், பாண்காரருக்குக் கொடுத்ததைச் சரிபார்த்தோம், ரீலோட் கணக்கையும் கிண்டினோம், ஒன்றும் அகப்படவில்லை. ஒருவரையொருவர் சந்தேகித்து, ஷட்டரை இழுத்துவிட்டு வீடுவரை பேசாமல் நடந்த இரவுகளும் உண்டு.

பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. குறைவது எப்போதும் 500, 1,000, 1,500 என்றுதான். மிச்சக்காசு பிழைத்தால் 40, 70 என்றல்லவா வரும்? அதுவும் இருவரும் கடையில் நிற்கும் நாட்களில் மட்டும்.

சனிக்கிழமை ஒருவர் 3,500 ரூபாய்ச் சாமானுக்கு 5,000 தாளை நீட்டினார். லாச்சியில் சில்லறை இல்லை, என் பர்ஸிலிருந்து 1,500 கொடுத்தேன். மத்தியானம் அதை லாச்சியிலிருந்து எடுத்துக்கொண்டேன். இரவு 1,500 குறைவு. கேட்டால் இவர், "நீர் குடுத்த காசை அப்பவே பர்ஸுக்குள்ள வைச்சிட்டனே" என்கிறார்! எனக்குச் சொல்லாமல் வைப்பது இவருடைய அன்பாம். நானோ வழக்கம்போல வீட்டுச் செலவுக்கு வைத்தார் என்று நினைத்து மீன் வாங்கிவிட்டேன்.

இப்போது பர்ஸ் கடைக்கு வருவதில்லை. பிஸ்கட் டின்னில் நாலு ஆயிரம், நாலு ஐந்நூறு, இருபது நூறு, மொத்தம் 8,000. தாள் மாற்றினாலும் டின்னில் அதே 8,000 இருக்கவேண்டும். வீட்டுக்காசை இரவுக் கணக்கு முடிந்த பிறகு, எழுதிவிட்டு, கையில்தான் தருகிறார். பத்து நாளாக லாச்சி சரி.