மூத்திரம் டாய்லெட்ல, ஆய் மட்டும் நாப்பியிலயே: ஆட்டிசம் பிள்ளைங்க விஷயத்துல தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாய்லெட் ட்ரெய்னிங்னாலே பெரிய கடல், அதனால ஒரே ஒரு சிக்கல மட்டும் எடுத்துக்குறேன். பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கு, இல்ல வளர்ச்சி கொஞ்சம் தாமதம். ஒண்ணுக்கு போறது பழகிடுச்சு, தானே பேண்ட்ட எறக்கி போயிட்டு வருது. ஆனா ஆய் வந்தா மட்டும் நாப்பி வேணும். நாப்பிய தானே எடுத்துட்டு வந்து குடுக்கும், போட்டு விட்டா கர்ட்டன் பின்னாடி இல்ல சோஃபா மூலையில நின்னுக்கிட்டு போகும், முடிஞ்சதும் வந்து கழட்ட சொல்லும். நான் டர்பன்ல சாட்ஸ்வர்த் பக்கம் இந்த மாதிரி பிள்ளைங்களோட வேலை பாக்குறேன், இந்த ஒரு விஷயத்துக்காக தாய்மாருங்க படுற பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. நாலு பேரு வந்து "இது பிடிவாதம், ரெண்டு போடு போட்டா சரியாயிரும்"னு சொல்லிட்டு போயிருவாங்க, அது பிடிவாதமே இல்ல.

ஒரு பையன் கதைய வச்சே சொல்றேன். ஆறு வயசு, பேச்சு ஒரு சில வார்த்தைதான், அம்மா ஷிஃப்ட் வேலை, பகல்ல ஆயாதான் பாத்துக்கறாங்க. "ஒண்ணுக்கு தானே போறானே, இனிமே எதுக்கு நாப்பி"னு ஒரு வீக்கெண்ட்ல வீட்ல இருந்த நாப்பி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டாங்க. பையன் அடக்க ஆரம்பிச்சுட்டான். ஒரு நாள், ரெண்டு நாள், அஞ்சு நாள் ஆகியும் போகல. கால குறுக்க வச்சுக்கிட்டு, குதிகால தூக்கி நுனிக்கால்ல நின்னு, மூஞ்சி செவந்து போய் நிப்பான். பாக்கறவங்க முக்குறான்னு நெனைப்பாங்க, உண்மையில அவன் வெளிய வரவிடாம இறுக்கிப் பிடிச்சிட்டு நிக்கறான். அப்பறம் பேண்ட்ல தண்ணியா, கொழகொழன்னு ஒரு நாளைக்கு பத்து தடவை கறை. ஆயா அதப் பாத்துட்டு ரன்னிங் ஸ்டமக்னு நெனைச்சு பழத்த நிறுத்தி, வெறும் கஞ்சியும் டோஸ்ட்டும் குடுத்தாங்க.

இங்கதான் மொத தப்பு, பெரிய தப்பும் இதுதான். அது வயித்துப்போக்கு இல்ல, மலச்சிக்கல். அடக்கி வச்ச மலம் கடைசிக் குடல்ல கெடந்து கெடந்து தண்ணி வத்தி கல்லா இறுகிடும். அதுக்கு மேல வர்ற இளகின மலம் போக வழி இல்லாம பக்கவாட்டுல கசிஞ்சு வெளிய வருது. அந்த எடத்துல குடலும் விரிஞ்சு போயிருக்கும், விரிஞ்ச குடலுக்கு "வருது"ங்கற உணர்ச்சியே கொறைஞ்சிடும், அதனால கசியறது பிள்ளைக்கு தெரியவே தெரியாது. "பேண்ட்ல போயிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கான்"னு திட்டுவாங்க, அவனுக்கு நெஜமாவே தெரியல.

எப்படி கண்டுபிடிக்கறது? வாரத்துல மூணு தடவைக்கும் கொறைவா போறது, போனா டாய்லெட் அடைக்கற அளவுக்கு பெருசா வர்றது, ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையா வர்றது, நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சம் கறை, சாப்பாடு எறங்காம இருக்கறது, வயிறு உப்பலா இருக்கறது, பெருசா ஒரு தடவை போனப்பறம் பிள்ளை திடீர்னு கலகலன்னு ஆயிடறது. இதுல ரெண்டு மூணு இருந்தா ட்ரெய்னிங்க அப்படியே நிறுத்திட்டு மொதல்ல வயித்த பாருங்க. வலிக்கும்னு தெரிஞ்ச பிள்ளை எந்த படம் காட்டினாலும், எந்த சாக்லேட் காட்டினாலும் உக்காராது. வாய் பேசற பிள்ளையா இருந்தா "வலிக்குது"ன்னு சொல்லும், நம்ம பிள்ளை அடக்கித்தான் சொல்லும்.

கிளினிக்ல பொதுவா லாக்டுலோஸ் சிரப், இல்ல தண்ணில கலக்கற மேக்ரோகோல் பவுடர் குடுப்பாங்க. அளவு பிள்ளையோட எடைய பாத்து டாக்டர்தான் சொல்லணும். ஆரம்பத்துல கட்டிச் சேர்ந்தது கரையும்போது கறை இன்னும் அதிகமாகும், அதப் பாத்து பயந்து நிறுத்திடாதீங்க. ரெண்டு வாரம் நல்லா போனதும் "சரியாயிருச்சு"ன்னு நிறுத்தறது அடுத்த தப்பு. விரிஞ்ச குடல் பழைய அளவுக்கு சுருங்க மாசக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் மலம் எளகலாவே இருக்கணும், கொறைக்கறதும் டாக்டர் சொல்லித்தான் மெதுவா கொறைக்கணும். நம்ம வீடுங்கள்ல இன்னொரு பழக்கம் இருக்கு, மாசம் ஒரு தடவை வெளக்கெண்ணெய் குடுத்து பேதி போக வைக்கறது. ஆயாங்க அன்போடதான் குடுக்கறாங்க, ஆனா இந்த பிள்ளைக்கு அது வேணாம். வயித்த முறுக்கி ஒரே அடியா வெளிய தள்ளும்போது "ஆய்னா வலி"ங்கற பயம் இன்னும் ஆழமா பதிஞ்சிடும். வீட்ல தானா எனிமா வைக்கறதும் அப்படித்தான். பால் நெறைய குடிச்சு வயித்த ரொப்பிக்கற பிள்ளையா இருந்தா ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல போகாம பாத்துக்கோங்க, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. மலத்துல ரத்தம், வாந்தி, வயிறு வீங்கி கெட்டியாறது, எடை கொறையறது, காலு வலு இல்லாம போறது, பொறந்த மொத வாரத்துல இருந்தே மலச்சிக்கல், இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காம டாக்டர்ட்ட காட்டணும்.

சரி, மலம் எளகிடுச்சு, வலி இல்ல. இப்ப நாப்பி. அத ஒரே நாள்ல புடுங்கறது தப்புன்னு அந்த பையன் வீட்லயே பாத்தாச்சு. அவனுக்கு அந்த நாப்பி, அந்த கர்ட்டன், நின்னுக்கிட்டே போறது, இது மூணும் சேர்ந்துதான் ஆய் போறது. மூணையும் ஒரே நேரத்துல மாத்தினா அவனுக்கு புடிமானமே இல்லாம போயிடும். அதனால நாப்பிய திருப்பி வாங்க சொன்னோம், அம்மாவுக்கு மனசே இல்ல, பின்னாடி போற மாதிரி இருக்குன்னாங்க, இருந்தாலும் வாங்கினாங்க. அப்பறம் ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்தினோம்.

மொதல்ல எடம். நாப்பி உண்டு, நிக்கறதும் உண்டு, ஆனா கர்ட்டனுக்கு பதிலா பாத்ரூம் கதவு பக்கத்துல, அப்பறம் உள்ள. அது பழகினதும் நாப்பியோட டாய்லெட் மூடி மேல உக்காருறது, அப்பறம் மூடிய தொறந்து சின்ன பிள்ளைங்க சீட் போட்டு அதே நாப்பியோட உக்காருறது. அடுத்தது நாப்பி ஒட்டற டேப்ப கொஞ்சம் லூஸா விடறது, பின்ன டேப்ப ஒட்டாம சும்மா கீழ தாங்கி பிடிச்சிருக்கறது, கடைசில நாப்பிய சீட்டுக்கு கீழ கிண்ணத்துக்குள்ள விரிச்சு வைக்கறது. அதயும் பாதியா, கால்வாசியா கொறைச்சு, அந்த எடத்துல ஒரு துண்டு டாய்லெட் பேப்பர். நாப்பியில ஓட்டை வெட்டி போடுங்கன்னும் சிலர் சொல்வாங்க, நல்ல வழிதான், ஆனா இப்ப வர்ற நாப்பிய வெட்டினா உள்ள இருக்கற ஜெல் மணி மணியா கொட்டும், வாயில வைக்கற பிள்ளையா இருந்தா ஆபத்து. வெட்டினா ஓரத்த பூரா டேப் போட்டு ஒட்டிடுங்க. வெட்டின துண்ட ஃப்ளஷ் பண்ணாதீங்க, பைப் அடைச்சுக்கும்.

அடுத்த படிக்கு எப்ப போறது? பயம் இல்லாம, இறுக்கம் இல்லாம நாலஞ்சு தடவை தொடர்ந்து போனா. ரெண்டு நாள் அடக்கினான்னா ஒரு படி கீழ வந்துருங்க, தயங்காம. அந்த பையன் டேப் லூஸ் பண்ற படில இருக்கும்போது காவடி வந்துச்சு, நாள் பூரா கோயில்ல, பழக்கமில்லாத டாய்லெட், கூட்டம், மேளச் சத்தம். போகவே இல்ல, மறுநாளும் இல்ல. திரும்பி இறுக்கமா டேப் ஒட்டி சீட்ல உக்கார வச்சோம், போயிட்டான், அடுத்த வாரமே பழைய படிக்கு வந்துட்டான். அன்னைக்கே அவசரப்பட்டிருந்தா மறுபடியும் அஞ்சு நாள் அடக்கலுக்கு போயிருக்கும்.

நேரம் தெரியாம உக்கார வைக்கறதும் அடிக்கடி பாக்கற தப்பு. சாப்பாடு உள்ள போன அரை மணி நேரத்துக்குள்ள பெருங்குடல் தானா அசையும், அதுவும் காலைல சாப்பாட்டுக்கு அப்பறம் நல்லாவே அசையும். அதனால காலைலயும் ராத்திரியும் சாப்பிட்டு 20, 30 நிமிஷம் கழிச்சு உக்கார வைங்க. அஞ்சு நிமிஷம் போதும், அதுக்கு மேல தண்டனை ஆயிடும். டைமர் வச்சுக்கோங்க, மணி அடிச்சா போகலன்னாலும் எந்திரிக்க விட்றணும், அந்த சொல்ல காப்பாத்தினாதான் நாளைக்கு உக்காருவான். காலு தொங்கவே கூடாது. ஒரு ஸ்டூலோ கவுத்துப் போட்ட பால் க்ரேட்டோ ஆடாம வச்சு முட்டி இடுப்பவிட கொஞ்சம் மேல இருக்கற மாதிரி பாத்துக்கோங்க. முக்கத் தெரியாத பிள்ளைக்கு சோப்பு பபிள் ஊத குடுங்க, ஊதும்போது வயிறு தானா அழுந்தும்.

டாய்லெட் போற ஒவ்வொரு படியையும் படமா ஒட்டி காட்டற விஷயத்துல எல்லாரும் பண்றது, இன்டர்நெட்ல இருந்து கார்ட்டூன் படம் பிரிண்ட் எடுத்து ஒட்டறது. அதுல இருக்கற டாய்லெட் வேற, பிள்ளை வேற. எந்த டாய்லெட் படம்னாலும் நம்ம டாய்லெட்டத்தான் சொல்லுதுன்னு புரிஞ்சிக்கற பிள்ளைக்கு அது ஓகே, நம்ம பிள்ளைங்க நெறைய பேருக்கு அது வேற எங்கயோ இருக்கற ஒரு படம்தான். உங்க டாய்லெட்டயே ஃபோன்ல ஃபோட்டோ எடுங்க: பேண்ட் எறக்கறது, உக்காருறது, ஆய் கிண்ணத்துல, தொடைக்கறது, பேண்ட் ஏத்தறது, ஃப்ளஷ், கை கழுவறது. ஏழு போதும். இதுல "ஆய் கிண்ணத்துல" படத்த வெக்கப்பட்டு விட்டுடறாங்க, உக்காந்து எந்திரிக்கறதுதான் வேலைன்னு பிள்ளை கத்துக்குது. உக்காந்தா கண்ணுக்கு நேரா வர்ற உயரத்துல ஒட்டுங்க, முடிஞ்சத ஒவ்வொண்ணா எடுத்து ஒரு கவர்ல போட வைங்க. நாப்பி படி மாறும்போது ஃபோட்டோவும் மாறணும், டேப் லூஸா இருக்கற நாப்பி ஃபோட்டோ, கிண்ணத்துல விரிச்ச நாப்பி ஃபோட்டோன்னு. படமே புரியாத பிள்ளைக்கு அந்த சீட்டையோ பேப்பர் ரோலையோ கைல குடுத்து கூட்டிட்டு போங்க.

"டாய்லெட் போறியா கண்ணு?"ன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்கறத விட்டுடுங்க. கேள்வின்னா "நோ" சொல்லலாம், அவனும் சொல்வான். படத்த காட்டி "இப்ப டாய்லெட், அப்பறம் பபிள்"னு சொல்லி அதோட நிறுத்துங்க. குடுக்கற பரிசு போன அந்த நொடியே கைக்கு வரணும், வேற எதுக்கும் அத குடுக்கக்கூடாது.

நம்ம ஊர்ல தண்ணி கட் ஆறது ஒரு தனி தொல்லை, ஃப்ளஷ் பட்டன அழுத்தி ஒண்ணும் வரலன்னா படி ஒடைஞ்சிடும், அங்கயே நின்னு அழுவான். பக்கெட்ல தண்ணி ஊத்தற மாதிரி ஒரு ஃபோட்டோ முன்கூட்டியே எடுத்து வச்சுக்கிட்டு, தண்ணி இருக்கற நாள்லயே வாரத்துக்கு ஒரு தடவை அப்படி ஊத்தி பழக்குங்க. ஃப்ளஷ் சத்தத்துக்கே பயப்படற பிள்ளையா இருந்தா அவன் கை கழுவி வெளிய போனப்பறம் நீங்க ஃப்ளஷ் பண்ணுங்க, அந்த பயத்த தனியா அப்பறம் பாத்துக்கலாம். க்ரெஷ்ல, ஆயா வீட்ல, ஸ்கூல்ல எல்லாம் இதே ஃபோட்டோ, இதே ஸ்டூல், இப்ப எந்த படில இருக்கான்னு ஒரு சீட்டு எழுதி பைல போட்டு அனுப்புங்க, இல்லன்னா வீட்ல லூஸ் டேப், ஸ்கூல்ல நாப்பியே கெடையாதுன்னு ரெண்டு சட்டம் ஆயிடும். ராத்திரி நாப்பிய இப்ப தொடவே வேணாம், தூக்கத்துல ஒண்ணுக்கு அடங்கறது ஒடம்பு தானா வளந்து வர்ற வேற விஷயம், பகல்ல எல்லாம் சரியானப்பறமும் அது ரொம்ப நாள் எடுக்கலாம்.